இரண்டு வாரத்தில் 43 அப்ரைசல் உரையாடல்கள்: நேரம் ஒதுக்குவதும் படிவம் வாங்குவதும்

வடிவமைப்புத்துறை_கோவை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கோவையில் இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், வடிவமைப்புத் துறையின் நிர்வாக உதவியாளராக வேலை செய்கிறேன். துறைத் தலைவருக்குக் கீழே ஐந்து குழுத் தலைவர்கள். அவர்களுக்குக் கீழே 38 பேர். குழுக்கள் ஒரே அளவில் இல்லை: 13, 9, 7, 5, 4.

எங்களுக்கு அப்ரைசல் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. போன முறை தேதி எதுவும் குறிக்காமல் விட்டதால் சிலருக்குப் பிப்ரவரியிலும் சிலருக்கு மே மாதத்திலும் பேச்சு நடந்தது. இந்த முறை துறைத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: 2026 பிப்ரவரி 2 முதல் 13 வரை, இரண்டு வாரத்திற்குள் 43 பேருக்கும் முடிந்துவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் காலண்டர் அழைப்பு போக வேண்டும், அதோடு முன்தயாரிப்புப் படிவமும் இணைந்திருக்க வேண்டும்.

படிவம் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் போன ஆண்டு இலக்குகளும் முடித்த வேலைகளும். இரண்டாம் பக்கத்தில் எது தடையாக இருந்தது, என்ன உதவி தேவைப்பட்டது. மூன்றாவதில் அடுத்த ஆண்டு இலக்கும் பயிற்சியும். குழுத் தலைவர் நிரப்புவதற்குத் தனியாக ஒரு தாள் இருக்கிறது.

நான் யோசித்திருப்பது இது: எல்லோரும் ஜனவரி 30 வெள்ளிக்கிழமைக்குள் படிவம் தர வேண்டும். திங்கட்கிழமை முதல் அரை மணி நேரத் துண்டுகளாக, ஒரு குழுத் தலைவருக்கு ஒரே நாளில் ஆறு பேர் வீதம் போட்டுவிடலாம். இது சரிப்படுமா? படிவம் தராதவரை என்ன செய்வது, பேச்சைத் தள்ளி வைப்பதா, அப்படியே நடத்துவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

அரசுப்பணி_திருச்சி

சகோதரி, ஒரே தேதி வைப்பதுதான் சரி. மத்திய அரசில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். மார்ச் 31 உடன் ஆண்டு முடிகிறது. சுய மதிப்பீட்டை ஏப்ரல் 15க்குள் எல்லோரும் எழுதித் தர வேண்டும். அறிக்கை எழுதும் அதிகாரி ஜூன் 30க்குள் முடிக்க வேண்டும், அதற்கு மேலே உள்ளவர் ஜூலை 31க்குள் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு தேதி என்று போனால் கணக்கு வைக்கவே தனியாக ஒருவர் தேவைப்படுவார்.

இன்னொன்றும் செய்யுங்கள். இறுதி அறிக்கையை முழுதாக ஊழியரிடம் காட்டுங்கள். 2008 இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு நல்ல குறிப்பும் கெட்ட குறிப்பும் எல்லாமே கைக்கு வருகின்றன. அதற்கு முன் பாதகமானதை மட்டும்தான் தெரிவிப்பார்கள்.

---

பழைய_எச்ஆர்

திருச்சி நண்பர் சொன்ன தேதிகள் சரி. ஆனால் அங்கே தாள் மேசை விட்டு மேசை போகிறது. குறித்த மணிக்கு இருவர் எதிரெதிரே உட்கார வேண்டிய கட்டாயம் அந்தக் கால அட்டவணையில் இல்லை. அதனால் ஒரே தேதி போதும். உங்களுக்கு அப்படியில்லை. படிவம் ஒரு குறிப்பிட்ட உரையாடலுக்காக எழுதப்படுகிறது. அந்த உரையாடல் எந்த நாள் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் படிவத்தின் தேதியை வைக்க வேண்டும்.

ஜனவரி 30 என்று வைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வெள்ளி மாலை ஐந்து மணிக்கு 13 படிவங்கள் ஒரே குழுத் தலைவரின் அஞ்சலில் விழும். திங்கள் காலை பத்து மணிக்கு முதல் ஆள் வந்து உட்காருவார். அவருடைய மூன்று பக்கத்தை அதற்குள் யார் படித்திருப்பார்? இன்னொரு பக்கம், 11ஆம் தேதி பேச்சு உள்ளவர் எழுதிக் கொடுத்து எட்டு வேலை நாள் ஆகியிருக்கும். தலைவர் எப்போதோ புரட்டியதை மறந்திருப்பார்.

நான் பல ஆண்டுகள் கடைப்பிடித்த முறை எளியது. ஊழியரின் படிவம் அவருடைய பேச்சுக்கு ஐந்து வேலை நாள் முன்னால் வர வேண்டும். குழுத் தலைவரின் தாள் ஒரு வேலை நாள் முன்னால் முடிந்திருக்க வேண்டும். ஐந்து நாள் எதற்கென்றால், படித்ததும் ஒரு கேள்வி எழும். "கம்ப்ரசர் வரைபடத்தை நீங்கள் முடித்தது செப்டம்பரிலா, நவம்பரிலா?" என்பது போல. அதைக் கேட்டுப் பதில் வாங்கி, திட்டப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க அந்த நாள்கள் வேண்டும். பேச்சு நேரத்தில் இந்தத் தகராறு எழுந்தால் மற்ற எதையும் பேச முடியாது.

எக்செல்லில் ஆளுக்கு ஒரு வரி போட்டு, C நெடுவரிசையில் பேச்சுத் தேதியையும் H2 முதல் H4 வரை விடுமுறைகளையும் வையுங்கள். கடைசித் தேதி தானாக வரும்:

```
=WORKDAY(C2,-5,$H$2:$H$4)
```

விடுமுறைப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். பிப்ரவரி 2 பேச்சுக்கு "ஒரு வாரம் முன்னால்" என்று கையால் எண்ணினால் ஜனவரி 26இல் போய் நிற்கும். அன்று குடியரசு நாள், யாரும் தர மாட்டார்கள். மேலே உள்ள வாய்பாடு ஜனவரி 23 வெள்ளி என்று சரியாகக் காட்டும்.

ஒரு நாளைக்கு ஆறு பேர் என்பது பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

---

பழைய_எச்ஆர்

13 பேர் உள்ள குழுத் தலைவரை எடுத்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும், அட்டவணை உடைவது இவரிடம்தான்.

ஒரு ஆளின் படிவத்தைப் படித்துத் தன் தாளை எழுத 40 நிமிடம் ஆகும். பேச்சுக்கு 45 நிமிடம். முடிந்ததும் ஒத்துக்கொண்டதை எழுதி வைக்க 20 நிமிடம். ஆளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். 13 பேருக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். ஒரு முழு வார வேலையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, அதுவும் வடிவமைப்பு வேலை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது. அரை மணி நேரத் துண்டு என்று நீங்கள் போட்டால் அவர் முதலில் கைவிடப்போவது படிப்பதைத்தான், அடுத்து எழுதி வைப்பதை.

அதனால் ஒரு நாளைக்கு இரண்டு பேர். காலையில் ஒருவர், மதியத்துக்குப் பிறகு ஒருவர். ஒவ்வொன்றுக்கும் காலண்டரில் 75 நிமிடம் அடைத்து வையுங்கள், அழைப்பில் ஊழியருக்குத் தெரிவது 45 நிமிடம் மட்டும். மிச்ச அரை மணி நேரம் குறிப்பு எழுதுவதற்கும், பேச்சு சற்று நீண்டால் அதற்கும்.

சாளரத்தின் கடைசி இரண்டு நாளான 12, 13 ஆகியவற்றில் யாரையும் போடாதீர்கள். காய்ச்சலில் படுத்தவர், வாடிக்கையாளர் அவசரமாக அழைத்ததால் ஓடியவர், படிவம் தாமதித்தவர் எல்லோருக்கும் போக ஓர் இடம் வேண்டும். அந்த நாள்களையும் குழுத் தலைவர்களின் காலண்டரில் இப்போதே அடைத்து வையுங்கள். வெறுமனே விட்டு வைத்தால் வேறு மீட்டிங் வந்து உட்கார்ந்துவிடும். 11ஆம் தேதி மாலை தேவையில்லை என்று தெரிந்தால் விடுவித்துவிடலாம்.

---

நேரம்_நம்கையில்

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் அலுவலகத்தில் ஒரு பொதுத் தாளைத் திறந்து வைத்துவிடுவோம். காலி நேரங்கள் எல்லாம் அதில் இருக்கும். அவரவருக்கு வசதியான நேரத்தில் அவரவரே பெயரைப் போட்டுக்கொள்வார்கள். நிர்வாக உதவியாளருக்கு வேலையே இல்லை. தாமே தேர்ந்தெடுத்த நேரம் என்பதால் யாரும் மாற்றச் சொல்வதும் இல்லை.

---

பழைய_எச்ஆர்

தாமே தேர்ந்தெடுத்தவர்கள் நேரத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை என்பது உண்மை, அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டுப்பாடில்லாமல் திறந்து வைத்தால் எல்லோரும் கடைசி நாள்களைத்தான் பிடிப்பார்கள். படிவத்தின் தேதியும் கூடவே தள்ளிப்போகிறது அல்லவா? முதல் வாரம் காலியாகக் கிடக்கும், இரண்டாம் வாரம் நெரியும். அதோடு யாருக்கு எப்போது பேச்சு, யாருக்கு இரண்டு இடம் அடைத்திருக்கிறது என்பது துறை முழுக்கத் தெரியும். ஒருவருக்கு நீண்ட நேரம் ஒதுக்கியிருந்தால் அதைப் பற்றி உணவறையில் பேச்சு கிளம்பிவிடும்.

பாதி எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், அன்று காலையா மாலையா என்பதை அவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அந்த உரிமையே பலருக்குப் போதும்.

---

சோதனைக்கூடம்_ஓசூர்

படிவத்தைப் படிக்காமல் வந்து உட்காருவது பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு நடந்தது அதுதான், அதனால் சொல்கிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இரண்டு மாலை உட்கார்ந்து படிவத்தை எழுதினேன். இழுவிசை சோதிக்கும் இயந்திரத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, புதிய சான்றிதழ் வரும்வரை அறிக்கை தர முடியவில்லை, அதனால்தான் மூன்று அறிக்கைகள் தாமதமாயின என்று இரண்டாம் பக்கத்தில் தேதி வாரியாகக் குறித்திருந்தேன். அறையில் உட்கார்ந்த பிறகுதான் மேலாளர் கணினியில் கோப்பைத் தேடினார். கிடைத்ததும் முதல் பக்கத்தை என் எதிரிலேயே வாசித்தார். அதற்குள் கால் மணி நேரம் போயிற்று. இரண்டாம் பக்கத்துக்கு அவர் வரவே இல்லை. "அறிக்கைகள் தாமதமாகின்றன, இதைக் கவனிக்க வேண்டும்" என்று சொல்லி முடித்துவிட்டார். நான் சொல்ல வாய் திறந்தபோது அடுத்தவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

இந்த ஆண்டு படிவத்தில் நான் எதுவும் விரிவாக எழுதவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது?

---

வடிவமைப்புத்துறை_கோவை

ஓசூர் சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் போன ஆண்டு படிவங்களைத் திறந்து பார்த்தேன். எங்களுடையவர்களும் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி, இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று இப்போது புரிகிறது.

மேடம் சொன்னபடி 13 பேர் குழுவுக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து வேலை நாள்களில் 12, 13 ஒதுக்கீடு. பிப்ரவரி 5 அன்று அந்தக் குழுத் தலைவர் நாள் முழுக்க வாடிக்கையாளர் இடத்தில் இருப்பார். மிச்சம் 2, 3, 4, 6, 9, 10, 11 என்று ஏழு நாள். நாளுக்கு இரண்டு என்றால் 14 இடம், 13 பேர். ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கைக்கும் வாய்க்குமாக இருக்கிறது.

படிவத் தேதிகள் இப்படி வருகின்றன: 2ஆம் தேதி பேச்சுக்கு ஜனவரி 23, 3ஆம் தேதிக்கு ஜனவரி 27, 4ஆம் தேதிக்கு 28, 6ஆம் தேதிக்கு 30, 9ஆம் தேதிக்குப் பிப்ரவரி 2, 10க்கு 3, 11க்கு 4. நாளுக்கு இரண்டு படிவம் வீதம் வருகிறது. ஒரே மாலையில் 13 குவிவதற்குப் பதில் தினமும் இரண்டைப் படித்தால் போதும் என்று காட்டியதும் அந்தக் குழுத் தலைவரின் முகமே மாறிவிட்டது.

ஒரு சிக்கல். பொங்கல் முடிந்து ஜனவரி 19 திங்கள் அன்றுதான் எல்லோரும் வருவார்கள். அன்று வெற்றுப் படிவம் கொடுத்தால் முதல் நாள் பேச்சு உள்ளவருக்கு எழுத ஐந்து நாளே இருக்கிறது. சிலர் 21 வரை விடுப்பு நீட்டித்திருக்கிறார்கள்.

---

பழைய_எச்ஆர்

விடுப்பு நீட்டித்தவர்களை இரண்டாம் வாரத்தில் போடுங்கள். முதல் இரண்டு நாளுக்கு, எழுதுவதில் தயக்கம் இல்லாத மூத்தவர்களைக் கேளுங்கள். வெற்றுப் படிவத்தை ஜனவரி 12 அன்றே அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. பொங்கலுக்கு முன் பெரும்பாலோர் தொட மாட்டார்கள், இருந்தாலும் கண்ணில் பட்டிருக்கும்.

அந்த ஒரே ஒரு மிச்ச இடம் போதாது. துறைத் தலைவரிடம் பேசி 13 பேரில் இரண்டு மூன்று பேரை, அவர்கள் வேலையை நேரடியாக அறிந்த வேறொரு மூத்தவர் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் குழுவுக்கு மட்டும் சாளரத்தை ஜனவரி 29இல் திறங்கள். எல்லாக் குழுவுக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பது பார்வைக்கு அழகாக இருக்கும், கணக்குக்கு ஒத்துவராது. ஆனால் முன்னதாகத் திறந்தால் படிவமும் முன்னதாக வர வேண்டும். 29ஆம் தேதிக்கு வாய்பாடு ஜனவரி 21 என்று காட்டும். பொங்கலுக்கு முன்பே எழுதத் தயாராக உள்ளவர்களை மட்டுமே அங்கே போட முடியும்.

---

மான்செஸ்டர்_மருத்துவர்

இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையில் வேலை செய்யும் மருத்துவர் நான். எங்களுக்கு ஆண்டுதோறும் அப்ரைசல் கட்டாயம். அதைத் தொடர்ந்து செய்தால்தான் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க முடியும், இந்த முறை 2012 இறுதியில் தொடங்கியது.

படிவம் தராதவரை என்ன செய்வது என்று கேட்டீர்கள். எங்களிடம் வழக்கமாக இரண்டு வாரம் முன்னால் ஆவணங்கள் மதிப்பிடுபவர் கைக்குப் போக வேண்டும். அவர் பார்த்துப் போதவில்லை என்றால் சந்திப்பைத் தள்ளி வைப்பார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தாளில் எதுவும் இல்லாமல் பேசினால் அது வெறும் விசாரிப்பாகப் போய்விடும். பேச்சு முடிந்த பிறகும் 28 நாளுக்குள் சுருக்கத்தை எழுதி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கருத்து: தள்ளி வையுங்கள். ஒரு முறை தள்ளினால் அடுத்த ஆண்டு எல்லோரும் நேரத்துக்குத் தருவார்கள்.

---

ஷிப்ட்_பொறுப்பாளர்

மருத்துவர் ஐயாவை மதிக்கிறேன், ஆனால் இதில் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களிடம் எழுதுவது தொழிலின் பகுதி. என் குழுவில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபது ஆண்டாக இயந்திரத்தோடு நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். படிவம் தாமதிப்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே எழுதுவது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. என்ன எழுதினால் என்ன ஆகுமோ என்ற பயமும் உண்டு. அவர்கள் பேச்சைத் தள்ளி வைத்தால் துறையில் எல்லோரும் பார்ப்பார்கள், "அவருக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை" என்று.

நான் செய்வது இது. கடைசி நாளுக்கு முந்தின நாள் படிவம் வராவிட்டால், இருபது நிமிடம் ஒதுக்கி அவரோடு உட்காருவேன். நான் கேட்பேன், அவர் சொல்வார், அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவேன். பிறகு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவேன். மதிப்பீட்டுப் பேச்சு வேறொரு நாள், குறித்த நேரத்தில். தள்ளிப்போவதே இல்லை.

---

மான்செஸ்டர்_மருத்துவர்

நல்ல முறைதான். ஆனால் மதிப்பிடப்போகிறவரே உட்கார்ந்து எழுதினால், அவருக்கு எதிரான குறையை ஊழியர் எப்படிச் சொல்வார்? இரண்டாம் பக்கம் இருப்பதே அதற்காகத்தானே?

---

ஷிப்ட்_பொறுப்பாளர்

அது நியாயமான கேள்வி. வேறொருவர் எழுதிக் கொடுக்கலாம், நிர்வாக உதவியாளரோ நம்பிக்கையான மூத்தவரோ. இருந்தாலும் தள்ளி வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

---

கணினி_உதவிமேசை

பேச்சு வேறு பக்கம் போவதற்குள் அழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான்.

அவுட்லுக் அழைப்பில் படிவத்தை இணைத்து அனுப்புகிறீர்கள். ஊழியர் அதைத் திறக்கிறார், நிரப்புகிறார், சேமிக்கிறார். கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார். அந்தக் கோப்பு அவர் கணினியிலோ அவருடைய காலண்டர் நகலிலோதான் இருக்கிறது. உங்களுக்கு எதுவும் திரும்பி வராது. இரு பக்கமும் நேர்மையாகவே சண்டை போடுவார்கள். அழைப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: நிரப்பிய படிவத்தை இந்த முகவரிக்கு, இந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும். வந்ததும் "கிடைத்தது" என்று ஒரு வரி பதில் போடுங்கள்.

இரண்டாவது, ஊழியர்கள் அழைப்பின் உள்ளேயே தங்கள் குறிப்புகளை எழுதி வைப்பார்கள். நீங்கள் நேரத்தை மாற்றிப் புதுப்பிப்பு அனுப்பினால் அவை அழிந்துபோகும். அங்கே எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, 13 பேரை ஒரே அழைப்பில் சேர்க்காதீர்கள், ஆளுக்குத் தனி அழைப்பு. தலைப்பில் பெயரும் அப்ரைசல் என்ற சொல்லும் வேண்டாம், பல குழுத் தலைவர்களின் காலண்டர் குழு முழுவதற்கும் திறந்திருக்கும். தனிப்பட்டது என்று குறியுங்கள். அப்படிக் குறித்தாலும் நிரப்பிய படிவத்தை ஒருபோதும் அழைப்பில் இணைக்காதீர்கள், அதற்குத் தனிக் கோப்புறை வேண்டும்.

கூகுள் டாக்ஸ் பயன்படுத்தினால் மூலப் படிவத்தின் இணைப்பை அப்படியே கொடுக்காதீர்கள். திருத்தும் அனுமதியோடு கொடுத்துவிட்டால் முதல் ஆள் மூலத்திலேயே எழுதிவிடுவார், அடுத்த ஆள் அதைப் படிப்பார். முதலில் மூலத்துக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். பிறகு முகவரியின் கடைசியில் `/edit` என்று இருப்பதை `/copy` என்று மாற்றி அனுப்புங்கள். திறக்கும்போதே தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லும்.

---

வடிவமைப்புத்துறை_கோவை

மிக்க நன்றி. எல்லா அழைப்பிலும் அந்த முதல் வரியைச் சேர்த்துவிட்டேன். திரும்பி வரும் படிவங்களுக்குத் தனி அஞ்சல் முகவரியும் கேட்டிருக்கிறேன்.

---

புதியமுறை

ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவதையே பலர் விட்டுவிட்டார்கள். அடோபி நிறுவனம் 2012 இல் இதை நிறுத்திவிட்டு அவ்வப்போது பேசும் முறைக்கு மாறியது. படிவமும் சாளரமும் எதற்கு?

---

பழைய_எச்ஆர்

அதைத் துறைத் தலைவரும் நிறுவனமும் முடிவு செய்ய வேண்டும். இந்தச் சகோதரியின் மேசையில் இப்போது இருப்பது 43 பேர், இரண்டு வாரம்.

கோவைச் சகோதரி, முக்கியமான ஒன்றைக் கேட்க விட்டுவிட்டேன். குழுத் தலைவர்கள் எல்லோரும் உட்கார்ந்து மதிப்பெண்களை ஒப்பிட்டுச் சமன் செய்யும் கூட்டம் எப்போது?

---

வடிவமைப்புத்துறை_கோவை

பிப்ரவரி 18 புதன், மேடம். குழுத் தலைவரின் தாளில் கடைசியில் 1 முதல் 5 வரை மதிப்பெண் கட்டம் இருக்கிறது.

---

பழைய_எச்ஆர்

அப்படியென்றால் பேச்சு முன்னால், சமன் செய்வது பின்னால். இது நல்ல வரிசை. ஊழியர் சொன்னதைக் கேட்ட பிறகு குழுத் தலைவர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார். ஆனால் மதிப்பெண்ணைப் பேச்சில் சொல்லக் கூடாது. பிப்ரவரி 6 அன்று "உங்களுக்கு 4" என்று ஒருவர் சொல்லிவிட்டு, 18ஆம் தேதிக் கூட்டத்தில் அது 3 ஆனால், அந்த ஊழியர் அதன் பிறகு எந்தப் படிவத்தையும் நம்ப மாட்டார். பேச்சுக்கு எடுத்துச் செல்லும் தாளில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள். 18க்குப் பிறகு மதிப்பெண்ணைத் தெரிவிக்க ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தனியாக இன்னொரு சந்திப்பு வையுங்கள். அதற்குப் படிவம் எதுவும் வேண்டாம். சம்பள உயர்வையும் அங்கேயே பேசலாம். முன்னேற்றப் பேச்சையும் சம்பளப் பேச்சையும் ஒரே நாற்காலியில் வைத்தால் இரண்டும் கெடும் என்பதை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடத்திய ஆய்வு 1965 இலேயே எழுதிவிட்டது.

---

ஷிப்ட்_பொறுப்பாளர்

கேட்க நன்றாக இருக்கிறது மேடம். ஆனால் என் ஆள் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி "எனக்கு எவ்வளவு?" என்பதுதான். இன்னும் முடிவாகவில்லை என்றால், முடிவு செய்துவிட்டு மறைக்கிறார் என்றே நினைப்பார்.

---

பழைய_எச்ஆர்

அழைப்பிலேயே தேதியோடு எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் குறையும்: "மதிப்பெண் பிப்ரவரி 18க்குப் பிறகு தெரிவிக்கப்படும்." முழுதாகப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை.

---

வடிவமைப்புத்துறை_கோவை

ஒரே ஒருவர் மிச்சம் இருக்கிறார். ஐந்து பேர் குழுவில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். பிப்ரவரி 16 அன்று வேலைக்குத் திரும்புகிறார். 17ஆம் தேதி பேச்சு வைத்தால் சமன் கூட்டத்துக்கு முன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால் படிவம் பிப்ரவரி 10 அன்று தர வேண்டும் என்று காட்டுகிறது. அன்று அவர் விடுப்பில் இருப்பார். விடுப்பில் உள்ளவரிடம் படிவம் கேட்க எனக்கு மனமில்லை.

---

பழைய_எச்ஆர்

கேட்கவே கூடாது. அழைப்பும் விடுப்பு நாள்களில் போகக் கூடாது. வேலைக்குத் திரும்பும் 16ஆம் தேதி வெற்றுப் படிவம் கொடுத்து, ஒரு வாரம் எழுத விட்டு, படிவத்தை 23 அன்று வாங்குங்கள். பேச்சு மார்ச் 2 திங்கள். சமன் கூட்டத்தில் அவருடைய வரியை மட்டும் முடிவு செய்யாமல் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

---

சோதனைக்கூடம்_ஓசூர்

திறந்து வைப்பார்களா? எங்கள் இடத்தில் இல்லாதவருக்குத்தான் நடுவில் உள்ள மதிப்பெண்ணைப் போட்டு மூடுவார்கள். கூட்டம் முடிந்த பிறகு ஒரு ஆளுக்காக யாரும் மறுபடி கூட மாட்டார்கள்.

---

வடிவமைப்புத்துறை_கோவை

எனக்கும் அதே பயம்தான். நாளை காலை துறைத் தலைவரைப் பார்க்கிறேன். இரண்டு கேள்விகள் கேட்கப்போகிறேன்: மார்ச் முதல் வாரத்தில் அந்த ஒருவருக்காக அரை மணி நேரம் குழுத் தலைவர்கள் மறுபடி கூடுவார்களா, 13 பேர் குழுவில் யாரையாவது வேறு கைக்கு மாற்றலாமா. படிவம் தாமதித்தால் தள்ளி வைப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும். ஒரு முறை மட்டும் ஒதுக்கீட்டு நாளுக்கு மாற்றுவது, அதற்குள் எழுத உதவி வேண்டியவருக்கு நான் உட்கார்ந்து எழுதித் தருவது என்று ஒரு யோசனை எழுதி எடுத்துப் போகிறேன். பதில் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.